வட்டி அறிவிப்பு நேரத்தில் நாணய ஜோடி சார்ட்: முதல் பாய்ச்சலில் சிக்காமல் வாசிப்பது எப்படி?

2016 மார்ச் 10. பிராங்க்பர்ட் நேரப்படி மதியம் 1.45-க்கு ஐரோப்பிய மத்திய வங்கியின் அறிவிப்பு வந்தது. டெபாசிட் வட்டி மைனஸ் 0.30 சதவீதத்திலிருந்து மைனஸ் 0.40-க்கு இறங்கியது. மாதந்தோறும் வாங்கும் பத்திரங்களின் அளவு 60 பில்லியன் யூரோவிலிருந்து 80 பில்லியனாக ஏறியது. சந்தை எதிர்பார்த்ததைவிடப் பெரிய தளர்வு இது. வட்டி குறைந்தால் அந்த நாணயம் விழும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. யூரோவும் அப்படியே விழுந்தது. 1.10-க்குச் சற்றுக் கீழே இருந்த யூரோ-டாலர், மளமளவென்று 1.0820 அருகே வந்தது. 2.30-க்குத் தலைவர் மரியோ டிராகியின் செய்தியாளர் சந்திப்பு தொடங்கியது. இதற்கு மேல் வட்டியைக் குறைக்க வேண்டியிருக்கும் என்று இன்றைய நிலையில் கருதவில்லை என்று அவர் ஒரு கேள்விக்குப் பதில் சொன்னார். அதன்பின் யூரோ திரும்பி, விழுந்ததை எல்லாம் மீட்டு, அதே நாளில் 1.12-ஐயும் தாண்டியது. அடியிலிருந்து உச்சிவரை ஏறக்குறைய 400 பிப். (பிப் என்பது யூரோ-டாலர் விலையில் நான்காவது தசம இடம், 1.0820-லிருந்து 1.0821-க்குப் போனால் ஒரு பிப்.)

அறிவிப்பைச் சரியாகப் படித்து, சரியான திசையில் விற்றவர்களே அன்று அடி வாங்கினார்கள். வட்டி முடிவு நாளில் சந்தைக்கு ஒரு செய்தி வருவதில்லை, இரண்டு வருகின்றன: முதலில் அறிக்கை, பிறகு பேச்சு. முதல் பாய்ச்சல் அறிக்கைக்கான பதில் மட்டுமே. இந்த இரண்டையும் சார்ட்டில் பிரித்துப் பார்க்கப் பழகுவதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள்

அமெரிக்க மத்திய வங்கியான ஃபெட் ஆண்டுக்கு எட்டு முறை திட்டமிட்டுக் கூடுகிறது. அறிக்கை நியூயார்க் நேரம் பிற்பகல் 2 மணிக்கு வரும், செய்தியாளர் சந்திப்பு 2.30-க்கு. ஐரோப்பிய மத்திய வங்கி 2022 ஜூலையிலிருந்து நேரத்தை மாற்றிவிட்டது. இப்போது அறிவிப்பு பிராங்க்பர்ட் நேரம் 2.15-க்கு, சந்திப்பு 2.45-க்கு. ஆக இரண்டிலும் இடைவெளி அரை மணி நேரம். ஜப்பான் வங்கிக்கு மட்டும் அறிவிப்புக்கு நிலையான நேரம் கிடையாது. கூட்டம் எப்போது முடிகிறதோ அப்போது வரும். புதிதாக வருபவர்கள் யென் ஜோடிகளை இந்த நாட்களில் தொடாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து, ஏனென்றால் கீழே சொல்லும் முறை முழுவதும் நேரத்தை நம்பி நிற்கிறது.

உங்கள் சார்ட்டில் தெரியும் நேரம் பெரும்பாலும் உங்கள் ஊர் நேரமாக இருக்காது, புரோக்கரின் சர்வர் நேரமாக இருக்கும். அதனால் அறிக்கை நேரத்தையும் சந்திப்பு நேரத்தையும் சர்வர் நேரத்துக்கு மாற்றி, சார்ட்டில் இரண்டு செங்குத்துக் கோடுகளாகப் போட்டுவிடுங்கள். மார்ச் மாதத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்றே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளிவிடும், ஐரோப்பா கடைசி ஞாயிறு வரை காத்திருக்கும். இந்த இடைப்பட்ட நாட்களில் வரும் ஃபெட் கூட்டத்துக்குப் பழைய கணக்கை வைத்து உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் தவறிவிடும்.

எதிர்பார்ப்பு என்ன என்று எழுதி வையுங்கள்

விலை நகர்வது வட்டி கூடியதாலோ குறைந்ததாலோ அல்ல. சந்தை ஏற்கெனவே விலையில் சேர்த்துவைத்திருந்ததற்கும் வந்ததற்கும் உள்ள வித்தியாசமே அதை நகர்த்துகிறது. பொருளாதார நாட்காட்டியில் ஒவ்வொரு முடிவுக்கும் எதிர்பார்ப்பு எண் இருக்கும். ஃபெட்டுக்கு அதைவிட நல்ல கருவி சிஎம்இ சந்தையின் ஃபெட்வாட்ச் பக்கம். வட்டி ஃபியூச்சர்ஸ் விலைகளிலிருந்து, எந்த முடிவுக்கு எத்தனை சதவீத வாய்ப்பைச் சந்தை தருகிறது என்று அது கணக்கிட்டுக் காட்டும். ஒரு முடிவுக்கு 95 சதவீதம் என்று இருந்தால், அந்த முடிவே வந்தாலும் அதனால் மட்டும் பெரிய நகர்வு வராது; சந்தையின் கண் முழுக்க வார்த்தைகளிலும் கணிப்புகளிலும் இருக்கும். 60-க்கு 40 என்று பிளவுபட்டிருந்தால் எது வந்தாலும் ஒரு பக்கம் ஏமாறும், முதல் பாய்ச்சல் பெரிதாக இருக்கும்.

ஒரு தாளில் மூன்று வரி எழுதினால் போதும். எதிர்பார்த்ததே வந்தால் எதைக் கவனிப்பேன், எதிர்பார்ப்பைவிடக் கடுமையாக வந்தால் ஜோடி எந்தப் பக்கம் போக வேண்டும், தளர்வாக வந்தால் எந்தப் பக்கம். இங்கே 'போக வேண்டும்' என்பதுதான் முக்கியம். போக வேண்டிய பக்கம் விலை போகாவிட்டால், அதுவே அன்றைக்குக் கிடைக்கும் மிக நல்ல தகவல். எழுதி வைக்காதவருக்கு அது கண்ணில் படாது.

அறிவிப்புக்கு முந்தைய வரம்பைக் குறியுங்கள்

M15, அதாவது 15 நிமிட சார்ட்டைத் திறங்கள். அறிவிப்புக்கு முந்தைய நான்கைந்து மணி நேரத்தில் கேண்டில்கள் சுருங்கிக்கொண்டே வருவதைப் பார்க்கலாம். பெரிய பணம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும் நேரம் அது. இந்த நேரத்தின் உச்சிக்கும் அடிக்கும் இரண்டு கிடைக்கோடு போடுங்கள். இதை இனி 'வரம்பு' என்று சொல்கிறேன். முந்தைய நாளின் உச்சியும் அடியும் பக்கத்தில் இருந்தால் அவற்றையும் குறியுங்கள். அதற்கு மேல் கோடு வேண்டாம்.

இந்த வரம்புக்கு வெளியே இரண்டு பக்கமும் ஸ்டாப் ஆர்டர்கள், அதாவது விலை எதிர்ப்பக்கம் போனால் நஷ்டத்தை நிறுத்தத் தானாக வர்த்தகத்தை மூடும் ஆர்டர்கள், குவிந்திருக்கும். வாங்கி வைத்திருப்பவர்களின் ஸ்டாப் கீழே, விற்றவர்களின் ஸ்டாப் மேலே. அறிவிப்புக்குச் சற்று முன் வங்கிகளும் பெரிய விலைதரும் நிறுவனங்களும் தங்கள் ஆர்டர்களைப் பின்வாங்கிக்கொள்வதால் சந்தையில் ஆழம் குறைந்துவிடும். அந்த நொடியில் தலைப்பைப் படிக்கும் கணினி நிரல்கள் ஒரு பக்கம் தள்ளும். விலை ஸ்டாப்களைத் தொடும். தொட்ட ஸ்டாப்கள் மார்க்கெட் ஆர்டர்களாக மாறி அதே பக்கம் இன்னும் தள்ளும். முதல் நிமிடத்து நீளமான கேண்டிலில் பாதி இப்படி உருவானதுதான். யாரும் அறிக்கையை முழுதாகப் படித்து முடிவெடுத்ததால் வந்த விலை அல்ல அது. வரம்புக்கு மேலே ஒரு வாங்கும் ஆர்டரும் கீழே ஒரு விற்கும் ஆர்டரும் வைத்துவிட்டால் எந்தப் பக்கம் போனாலும் லாபம் என்று பலர் சொல்லித் தருவார்கள். மேலே ஒரு பாய்ச்சல், கீழே ஒரு பாய்ச்சல் என்று இரண்டும் வரும் நாளில் இரண்டு ஆர்டரும் நிறைவேறி, இரண்டிலும் நஷ்டம் வரும். அதைச் செய்யாதீர்கள்.

சார்ட் காட்டாத விலை ஒன்று உண்டு

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், ஏனென்றால் 'என் ஸ்டாப்பை விலை தொடவே இல்லை, ஆனாலும் அடித்துவிட்டார்கள்' என்ற புகார் பெரும்பாலும் இதில்தான் பிறக்கிறது. மெட்டாடிரேடர் போன்ற தளங்களில் கேண்டில்கள் பிட் விலையில் வரையப்படுகின்றன, அதாவது நீங்கள் விற்கும்போது கிடைக்கும் விலை. வாங்கும் விலை, ஆஸ்க், அதற்கு மேலே இருக்கும். இரண்டுக்கும் இடையேயான வித்தியாசம்தான் ஸ்ப்ரெட். சாதாரண நேரத்தில் யூரோ-டாலரில் அது ஒரு பிப் அளவில் இருப்பதால் கண்ணுக்குப் படாது. அறிவிப்பு நொடியில் அது பல மடங்கு விரியும்.

நீங்கள் விற்றுவிட்டு 1.1020-இல் ஸ்டாப் வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விற்றதை மூட வாங்க வேண்டும், ஆகவே உங்கள் ஸ்டாப் ஆஸ்க் விலையைப் பார்க்கிறது. பாய்ச்சலில் சார்ட்டின் உச்சி 1.1012 மட்டுமே. ஆனால் ஸ்ப்ரெட் அப்போது 10 பிப் என்றால் ஆஸ்க் 1.1022. ஸ்டாப் அடிபட்டுவிட்டது, சார்ட்டில் அந்த விலை தெரியவே தெரியாது. சார்ட் அமைப்பில் ஆஸ்க் கோட்டைக் காட்டும்படி மாற்றிவிட்டு ஒரு அறிவிப்பை வெறுமனே பாருங்கள். இரண்டு கோடுகளும் விலகி, சில நிமிடங்களில் மெல்ல மெல்ல ஒட்டி வருவது தெரியும். அவை பழைய இடைவெளிக்குத் திரும்பும்வரை எந்த ஆர்டரும் போடக் கூடாது. இது நான் விட்டுக்கொடுக்காத விதி.

ஆகவே அறிவிப்புக்குப் பதினைந்து நிமிடம் முன்பே நிலுவையில் உள்ள ஆர்டர்களை நீக்குங்கள். குறுகிய ஸ்டாப்புடன் திறந்திருக்கும் சிறு வர்த்தகங்களை மூடிவிடுங்கள்.

அறிக்கை வந்த பிறகு

ஒரு நிமிட சார்ட்டை மூடி வையுங்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் கை தானாகப் பட்டனுக்குப் போகும். M15 சார்ட்டில் அறிக்கைக்குப் பிறகான முதல் இரண்டு கேண்டில்கள் முடியட்டும். ஃபெட் நாளிலும் ஐரோப்பிய மத்திய வங்கி நாளிலும் அந்த அரை மணி நேரம் சரியாகச் செய்தியாளர் சந்திப்பு தொடங்கும் நேரத்தில் முடியும்.

இப்போது மூன்று விலைகளைக் குறியுங்கள்: பாய்ச்சல் கிளம்பிய இடம், அது எட்டிய முனை, இரண்டுக்கும் நடுப்புள்ளி. கேண்டில் எங்கே முடிந்தது என்பதுதான் கேள்வி. முனைக்குப் பக்கத்தில் முடிந்திருந்தால் தள்ளியவர்கள் இன்னும் உள்ளே இருக்கிறார்கள். நீண்ட விக்கை, அதாவது கேண்டிலின் மெல்லிய கோட்டை, விட்டுவிட்டு நடுப்புள்ளியைத் தாண்டித் திரும்பி முடிந்திருந்தால் அந்தப் பாய்ச்சலில் பெரும்பகுதி ஸ்டாப்களின் வேலை. எனினும் இது தற்காலிகத் தீர்ப்பு. இன்னும் பேச்சு பாக்கி இருக்கிறது.

கூடவே ஒரு சாட்சியை விசாரியுங்கள்: இரண்டு ஆண்டு அரசுப் பத்திர ஈட்டம், அதாவது யீல்டு. டாலருக்கு அமெரிக்கப் பத்திரம், யூரோவுக்கு ஜெர்மானியப் பத்திரம். வட்டி எதிர்பார்ப்பு உண்மையிலேயே மாறியிருந்தால் அங்கே தெரியாமல் போகாது. டாலர் பாய்ந்து ஏறுகிறது, ஆனால் அமெரிக்க இரண்டு ஆண்டு ஈட்டம் இருந்த இடத்திலேயே இருக்கிறது என்றால், அந்த ஏற்றத்தை நான் நம்பமாட்டேன்.

செய்தியாளர் சந்திப்பில் தலைவர் முதலில் தயாரித்த உரையை வாசிப்பார். அதில் பெரும்பாலும் அறிக்கையின் சாரமே இருக்கும். திருப்பம் வந்தால் கேள்வி நேரத்தில் வரும், ஏனென்றால் அங்கேதான் 'இன்னும் எத்தனை முறை', 'எப்போது நிறுத்துவீர்கள்' என்று நேராகக் கேட்பார்கள். கேள்விகள் தொடங்கி இருபது நிமிடமாவது போகட்டும்.

இரண்டு நாட்கள், ஒரே முறை

மார்ச் 10-க்குத் திரும்புவோம். எண்களை வட்டமாக வைத்துக்கொள்கிறேன். பாய்ச்சல் கிளம்பியது 1.0980, முனை 1.0820, நடுப்புள்ளி 1.0900. தாளில் எழுதியிருக்க வேண்டியது: 'தளர்வு அதிகம் என்றால் யூரோ கீழே'. கீழேயே போனது, ஆக முதல் தீர்ப்பில் விற்பவர்கள் பக்கம். நம் முறைப்படி அப்போதும் கையைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். கேள்வி நேரத்தில் விலை நடுப்புள்ளியை மேல்நோக்கிக் கடக்கிறது. இது முதல் எச்சரிக்கை: கீழே விற்றவர்கள் நஷ்டத்துக்குப் போய்விட்டார்கள். அவர்கள் மூடுவதற்கு வாங்க வேண்டும், அது ஏற்றத்துக்கு எண்ணெய். பிறகு விலை பாய்ச்சல் கிளம்பிய இடத்தையும் வரம்பின் மேல்கோட்டையும் கடந்து, 1.1000-க்கு மேலே ஒரு M15 கேண்டில் முடிகிறது. அந்த முடிவுதான் வாங்குவதற்கான இடம். 1.0820-ஐப் பிடித்திருக்கலாமே என்று தோன்றும். அதை யாராலும் முன்கூட்டி அறிய முடியாது. 1.1000-இல் நமக்குக் கையில் ஆதாரம் இருக்கிறது, அதற்கான விலையாக 180 பிப்பைக் கொடுக்கிறோம்.

ஸ்டாப் எங்கே? முனைக்குக் கீழே வைத்தால் மிகத் தொலைவு. நடுப்புள்ளியான 1.0900-க்கு விலை மறுபடி போனால் திருப்பம் என்ற வாதமே செத்துவிடும், ஆகவே ஸ்டாப் அங்கே: 100 பிப். கணக்கில் 1,000 டாலர், ஒரு வர்த்தகத்தில் ஒரு சதவீதம் இழக்கத் தயார் என்றால் 10 டாலர். 100 பிப்புக்கு 10 டாலர் என்றால் பிப்புக்கு 10 சென்ட், அதாவது வர்த்தக அளவு 0.01 லாட். ஸ்டாப் 40 பிப்பாக இருக்கும் நாளில் பிப்புக்கு 25 சென்ட் வரும்; 0.025 லாட் கிடையாது என்பதால் 0.02-க்கு இறக்குங்கள், 0.03-க்கு ஏற்றாதீர்கள். கணக்கிட்ட லாட் 0.01-க்கும் குறைவாக வந்தால் அன்று வர்த்தகம் இல்லை. ஸ்டாப்பை நெருக்கி லாட்டைப் பொருத்துவது தலைகீழ் வேலை.

இனி 2024 டிசம்பர் 18. ஃபெட் கால் சதவீதம் குறைத்து 4.25-4.50 என்று அறிவித்தது. எல்லோரும் எதிர்பார்த்ததுதான். ஆனால் அதே நொடியில் வெளியான ஃபெட்டின் வட்டிக் கணிப்புகளில் 2025-க்கு நான்கு குறைப்பு என்றிருந்தது இரண்டாகச் சுருங்கியது. வட்டி குறைந்த நாளில் டாலர் ஏறியது. 1.05 அருகே இருந்த யூரோ-டாலர் 1.04-க்குக் கீழே போனது. இங்கே அன்றைய ஃபெட் தலைவர் ஜெரோம் பவலின் பேச்சு திசையை மாற்றவில்லை. எதிர்பார்த்த வட்டி வந்துவிட்டது என்று நிம்மதியடைந்தவர் கணிப்புகளைப் பார்க்கத் தவறியிருப்பார். அவை மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் கூட்டங்களில் மட்டும் வரும்.

இப்படிப்பட்ட நாளில் விதி எளிது. சந்திப்புக்குப் பிறகும் விலை நடுப்புள்ளியைத் திரும்பத் தொடவில்லை, இரண்டு ஆண்டு ஈட்டம் அதே பக்கம் நிற்கிறது, ஸ்ப்ரெட் சுருங்கிவிட்டது என்றால், பாய்ச்சலின் முனையைத் தாண்டி ஒரு M15 கேண்டில் முடியும்போது அதே திசையில் சேரலாம். ஸ்டாப் நடுப்புள்ளிக்கு அப்பால். முனைக்கும் நடுப்புள்ளிக்கும் இடையிலேயே விலை சுற்றிக்கொண்டிருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. கணிசமான கூட்டங்கள் இப்படித்தான் முடியும்.

இந்த முறை காப்பாற்றாத இடங்கள்

காத்திருந்து நுழைந்தாலும் பொய்யான உடைப்பு வரும். M15 கேண்டில் வரம்புக்கு வெளியே முடிந்து, அடுத்த இரண்டு கேண்டிலுக்குள் மறுபடி உள்ளே வந்து முடிந்தால் ஸ்டாப் வரை காத்திருக்காமல் வெளியே வந்துவிடுவது என் வழக்கம். உண்மையான திருப்பம் அவ்வளவு சீக்கிரம் தயங்குவதில்லை.

திட்டமிடாத அறிவிப்பு வேறு வகை. 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் தேசிய வங்கி யூரோவுக்கு 1.20 பிராங்க் என்று வைத்திருந்த கீழ்வரம்பை முன்னறிவிப்பின்றிக் கைவிட்டது. விலை நிமிடங்களில் 1.00-க்கும் கீழே போனது. 1.1950-இல் ஸ்டாப் வைத்திருந்தவர்களில் பலருக்கு அந்த விலையில் வாங்க ஆளே இல்லை. ஸ்டாப் மிகத் தொலைவான விலைகளில் நிறைவேறி, கணக்குகள் மைனஸுக்குப் போயின. ஸ்டாப் ஒரு ஆர்டர்தான், உத்தரவாதம் அல்ல. புரோக்கர் மைனஸ் இருப்புக்குப் பாதுகாப்புத் தருகிறாரா என்று ஒப்பந்தத்தில் முன்பே படித்துவிடுங்கள்.

பணம் போடும் முன் பழைய நாட்களில் பழகலாம். மத்திய வங்கிகளின் இணையதளங்களில் கடந்த கூட்டத் தேதிகள் இருக்கின்றன. ஒரு தேதியை எடுத்து, M15 சார்ட்டை அறிவிப்பு நேரம் வரை மட்டும் நகர்த்தி நிறுத்தி, வரம்பைப் போடுங்கள். பிறகு ஒவ்வொரு கேண்டிலாக முன்னால் தள்ளி, முனையையும் நடுப்புள்ளியையும் குறித்து, எங்கே நுழைந்திருப்பீர்கள், ஸ்டாப் எத்தனை பிப் என்று எழுதுங்கள். நுழையாமல் விட்ட நாட்களையும் அதே அட்டவணையில் சேருங்கள். பழைய சார்ட்டில் ஸ்ப்ரெட் தெரியாது என்பதால், கிடைத்த ஒவ்வொரு முடிவிலிருந்தும் சில பிப் கழித்துக்கொள்ளுங்கள். எத்தனை கழிப்பது என்பது, ஆஸ்க் கோட்டுடன் நேரலையில் ஓரிரு அறிவிப்பைப் பார்த்தபின் உங்களுக்கே தெரியும்.